இரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கு மறுப்பு: டர்பனில் ஒரு மகன் எழுதிய மேல்முறையீடு

பின்னணி

நோயாளிக்கு வயது 63. டர்பன் சாட்ஸ்வர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை நோய் உண்டு, நான்கு ஆண்டுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, சாப்பிட முடியவில்லை என்று குடும்ப டாக்டரிடம் போனார். இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் இயல்பைவிடப் பல மடங்கு கூடியிருந்தன, மண்ணீரலும் வீங்கியிருந்தது. எலும்பு மஜ்ஜை, மரபணு ஆகிய இரண்டு பரிசோதனைகளுக்கும் பிறகு நாள்பட்ட மைலாய்டு லுகீமியா என்று உறுதியானது. மருத்துவப் படிவங்களில் இதற்கான குறியீடு C92.1.

இந்த நோயில் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் BCR-ABL1 என்ற புதிய மரபணு உருவாகிறது. அது செய்யும் புரதம் ஓயாமல் வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறது. இமாடினிப் மாத்திரை அந்தப் புரதத்தின் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை நிறுத்திவிடும். இப்படிக் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் குறிவைப்பதால்தான் இவற்றை இலக்கு மாத்திரை என்கிறோம். நோயாளிக்கு மார்ச் 3-ஆம் தேதி இமாடினிப் தினம் 400 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. அதற்கு எந்தத் தடையும் வரவில்லை, மெடிக்கல் எய்ட் முழுப்பணமும் கட்டியது.

குடும்பத்தினர் அதை ‘இன்ஷூரன்ஸ் கம்பெனி’ என்றே சொல்லிவந்தார்கள். ஊர்ப் பேச்சுக்கு அது சரி, கடிதம் எழுதும்போது சரியில்லை. தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் என்பது 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு, சட்டத்தில் அதன் பெயர் மெடிக்கல் ஸ்கீம். ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் பாலிசிகளும், மெடிக்கல் எய்ட் கட்டாமல் விடும் மீதியைக் கட்டும் கேப் கவரும் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. கீழே சொல்லப்போகும் உரிமைகள் முதல் வகைக்கு மட்டும்தான். எனவே உறுப்பினர் அட்டையை எடுத்து அது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவருடையது மெடிக்கல் ஸ்கீம்தான். முதன்மை உறுப்பினரும் அவரே.

மாத்திரையை மாற்ற வேண்டி வந்தது

இமாடினிப் வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் BCR-ABL1 எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட முடியவேண்டும் என்பதற்காகச் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் IS என்ற எழுத்து இருந்தால் அந்த அளவுகோலில் சொன்னதாக அர்த்தம். ஐரோப்பிய லுகீமியாநெட் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி மூன்றாம் மாதத்தில் 10 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ வரவேண்டும். ஆறாம் மாதத்தில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் மாதத்திலும் 10-ஐத் தாண்டியே இருந்தால் மருந்து தோற்றுவிட்டதென்று எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

இவருக்கு ஜூன் 5-ஆம் தேதி 31 சதவீதம் வந்தது, செப்டம்பர் 8-ஆம் தேதி 14 சதவீதம். அக்டோபர் 9-ஆம் தேதி மறுபடி எடுத்தபோது 16. இறங்கிக்கொண்டிருந்த எண் நின்று, திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. வெள்ளை அணு எண்ணிக்கை அப்போது ஏறக்குறைய இயல்பாகவே இருந்ததால் வீட்டில் யாருக்கும் கவலையில்லை. நோயாளிக்கு உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

புற்றுநோய் டாக்டர் அதே ரத்தத்தில் மரபணு மாற்றப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருந்தார். அந்த அறிக்கை அக்டோபர் 24-ஆம் தேதி வந்தது. Y253H என்ற மாற்றம் இருக்கிறது என்று அதில் ஒரே வரி. இந்த ஆய்வில் வரும் எல்லாமே அந்த வரியைச் சுற்றித்தான். Y253H என்றால் புரதத்தின் 253-ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இமாடினிப் போய் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் இடம் அது. அங்கே மாறினால் இமாடினிப் சரியாகப் பொருந்தாது. இரண்டாம் தலைமுறை மாத்திரையான நிலோடினிப்புக்கும் அதே சிக்கல் உண்டு. இன்னொரு இரண்டாம் தலைமுறை மாத்திரையான டசாடினிப் வேறு விதமாகப் பொருந்துவதால் அது வேலை செய்யும். எனவே டாக்டர் டசாடினிப் தினம் 100 மில்லிகிராம் என்று முடிவு செய்தார்.

விண்ணப்பமும் மறுப்பும்

டாக்டரின் அலுவலகம் நவம்பர் 4-ஆம் தேதி அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. படிவத்தில் நோயின் பெயர், குறியீடு, மருந்தின் பெயர், அளவு எல்லாம் இருந்தன. ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘இமாடினிப்பில் போதிய பலன் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். செப்டம்பர் மாத ரத்த அறிக்கையை இணைத்தார்கள். மரபணு மாற்ற அறிக்கை வேறு லேபிலிருந்து வந்து வேறு கோப்பில் கிடந்ததால் விட்டுப்போயிற்று.

மூன்று நாளில் மறுப்பு வந்தது. உறுப்பினரின் திட்டத்துக்குரிய புற்றுநோய் மருந்துப் பட்டியலில் டசாடினிப் இல்லை, எனவே அனுமதி இல்லை என்று இரண்டு வரி.

இப்படி வரும் மறுப்பைப் படிப்பதில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. பட்டியலில் இல்லை என்பதைக் குடும்பத்தினர் ‘இனி கிடைக்காது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அனுப்பிய காகிதத்தில் பட்டியலைத் தாண்டக் காரணம் எதுவும் தென்படவில்லை என்பதுதான் அதன் பொருள். படிவத்தைப் பார்த்தவருக்கு 14 சதவீதம் என்ற ஓர் எண் மட்டுமே தெரிந்தது. அதற்கு முன் எவ்வளவு இருந்தது, எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டார், ஏன் நிலோடினிப் கூடாது என்பதை அவர் அறிய வழியில்லை.

மகனின் முதல் கடிதம்

மகனுக்கு வயது 34, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மறுப்பு வந்த மூன்றாம் நாள் இரவில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். இரண்டு பக்கம். அப்பா எத்தனை ஆண்டு உழைத்தார், ஒரு மாதம்கூடச் சந்தா தவறியதில்லை, இப்போது கைவிடுவது நியாயமா என்று அதில் கேட்டிருந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அவருடைய கோபமும் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கடிதத்தை வாசிக்கும் மருந்தாளுநரோ நர்ஸோ ‘சரி’ என்று எழுதத் தேவையான எதுவும் அதில் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் படிவத்தில் ‘சந்தா ஒழுங்காகக் கட்டினார்’ என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நவம்பர் 14-ஆம் தேதி வந்த பதிலில் கடிதத்தின் பொருளைப் பற்றி ஒன்றுமே இல்லை. நீங்கள் உறுப்பினர் அல்ல, உங்களோடு இந்த விஷயத்தைப் பேச எங்களுக்கு அனுமதியில்லை என்றிருந்தது. மகனுக்கு இது அவமானமாக இருந்தது. ஆனால் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் செய்தது சரி. நோயாளி உணர்வோடு இருக்கும்வரை அவர் எழுத்தில் அனுமதி தராமல் மகனானாலும் மனைவியானாலும் அவருடைய மருத்துவத் தகவலைத் தர முடியாது.

காரணத்தை எழுத்தில் வாங்கியது

இந்தக் கட்டத்தில்தான் குடும்பம் எங்களிடம் உதவி கேட்டது. கடிதத்தை உடனே திருத்தி எழுதுவதில்லை என்பது அங்கே எடுத்த முதல் முடிவு. எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் இரண்டாவது கடிதமும் முதல் கடிதம் போலவே போய்விடும்.

முதலில் அனுமதிக் கடிதம் தயாரானது. உறுப்பினர் எண், மகனின் பெயர், அடையாள எண், ‘என் புற்றுநோய் சிகிச்சை தொடர்பான எல்லாத் தகவலையும் இவரிடம் பேசவும் தரவும் அனுமதிக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம், அப்பாவின் கையெழுத்து, தேதி. இருவருடைய அடையாள அட்டை நகலும் பின்னால் வைக்கப்பட்டன.

அதோடு அரைப் பக்கத்தில் ஒரு கோரிக்கை. மறுப்புக்கான மருத்துவக் காரணத்தை எழுத்தில் தரவும், இந்த நோய்க்கு நீங்கள் பின்பற்றும் சிகிச்சை நெறியையும் மருந்துப் பட்டியலையும் தரவும் என்று கேட்டது. இது தயவு கேட்பதல்ல. மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் விதிகளில் 15H சிகிச்சை நெறியைப் பற்றியது, 15I மருந்துப் பட்டியலைப் பற்றியது. கேட்டால் இரண்டையும் உறுப்பினருக்குத் தரவேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன.

நவம்பர் 18-ஆம் தேதி வந்த பதில் முதல் மறுப்பைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளதாக இருந்தது. மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார்கள். இமாடினிப்பை 600 அல்லது 800 மில்லிகிராமாகக் கூட்டிப் பார்க்கவில்லை. பட்டியலில் இருக்கும் நிலோடினிப்பை முயலவில்லை. நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பதற்குச் சான்றில்லை.

மூன்றாவது காரணத்தைப் படித்துக் காட்டியதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு நாள்கூட நான் மறக்கலயேப்பா, நீதானே பார்த்தே” என்றார். அந்த வருத்தம் புரிகிறது. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இமாடினிப் பலன் தராமல் போவதற்கு மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் ஒரு பெரிய காரணம். அப்படியிருந்தால் விலை கூடிய மாத்திரைக்கு மாறினாலும் அதே கதிதான். எனவே எந்த மருத்துவரும் அதை முதலில் கேட்பார். கேள்விக்குப் பதில் ஃபார்மசியின் கணினியில் இருந்தது.

மகன் ஃபார்மசிக்குப் போய் மார்ச் முதல் மாத்திரை கொடுத்த தேதிகளை அச்செடுத்துத் தரச் சொன்னார். ஒரு முறைக்கு 30 மாத்திரை. மார்ச் 3, ஏப்ரல் 2, மே 2, ஜூன் 1, ஜூலை 1, ஆகஸ்ட் 5, செப்டம்பர் 4, அக்டோபர் 4, நவம்பர் 3. ஜூலை மாத மாத்திரை 30-ஆம் தேதியோடு தீர்ந்திருக்க வேண்டும். அடுத்தது ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் வந்திருக்கிறது. இடையில் ஐந்து நாள். அப்பாவுக்கு அது நினைவில்லை. ஃபார்மசியில் இருந்த பெண்தான், “அங்கிள், அந்த வாரம் எங்ககிட்ட ஸ்டாக் வரல, நாங்கதான் வெயிட் பண்ணச் சொன்னோம்” என்று சொன்னார். அதையும் ஃபார்மசியின் தாளில் ஒரு வரியாக எழுதி முத்திரையிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஐந்து நாளைக் கடிதத்தில் சொல்வதா வேண்டாமா என்று மகன் தயங்கினார். சொல்வது என்று முடிவானது. ஸ்கீமின் கணினியிலும் அதே தேதிகள் இருக்கின்றன, அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். நாமே எடுத்துச் சொன்னால் அது விளக்கமாக நிற்கும், அவர்களாகக் கண்டுபிடித்தால் மறைத்ததாகத் தெரியும்.

இரண்டாம் கடிதம்

கடிதம் நவம்பர் 24-ஆம் தேதி ஸ்கீமின் பிரின்சிபல் ஆபீசர் பெயருக்குப் போனது. ஒவ்வொரு ஸ்கீமிலும் சட்டப்படி அப்படி ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கால் சென்டர் முகவரிக்கு நகல் மட்டும் அனுப்பினார்கள். மேலே உறுப்பினர் எண், விண்ணப்ப எண், நோய்க் குறியீடு, பிறகு ‘மருத்துவ அவசரம்’ என்ற ஒரு வரி. மொத்தம் ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் எழுதியதைக் கீழே தமிழில் தருகிறோம், அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

“என் தந்தைக்கு டசாடினிப் தினம் 100 மில்லிகிராம் மறுக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கேட்டு எழுதுகிறேன். அவர் சார்பில் எழுத எனக்கு அவர் தந்த அனுமதி இணைப்பு 1.

“உங்கள் மருந்துப் பட்டியலைப் பற்றி எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. பட்டியலில் உள்ள மருந்தில் தொடங்கினோம், எட்டு மாதம் அதையே சாப்பிட்டார். அது பலனளிக்கவில்லை. விதி 15I, பட்டியல் மருந்து பலனளிக்காதபோது தகுந்த மாற்று மருந்துக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாட்டின் கீழ் என் தந்தையின் நிலையைப் பரிசீலிக்கக் கேட்கிறேன்.

“நவம்பர் 18-ஆம் தேதி நீங்கள் எழுதிய மூன்று காரணங்களுக்கும் பதில் தருகிறேன்.

“இமாடினிப்பைக் கூட்டுவது பற்றி: மூன்றாம் மாதத்தில் 31, ஆறாம் மாதத்தில் 14, ஏழாம் மாதத்தில் 16 சதவீதம். மூன்றும் சர்வதேச அளவுகோலில் எடுத்தவை, இணைப்பு 2. ஆறாம் மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பது தோல்வி என்பது ஐரோப்பிய லுகீமியாநெட் 2020-இன் வரையறை. தோல்விக்குக் காரணம் Y253H மாற்றம், அதன் அறிக்கை இணைப்பு 3. மருந்து பொருந்தும் இடமே மாறிவிட்டதால் அளவைக் கூட்டுவது இதைச் சரிசெய்யாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், இணைப்பு 4.

“நிலோடினிப் பற்றி: Y253H நிலோடினிப்புக்கும் எதிர்ப்பைத் தரும் மாற்றங்களில் ஒன்று. தவிர என் தந்தைக்குச் சர்க்கரை நோயும் இதயத்தில் ஸ்டென்டும் உண்டு. நிலோடினிப் சர்க்கரையை ஏற்றும், இரத்தக் குழாய் அடைப்பு வரும் அபாயத்தைக் கூட்டும். இதய டாக்டரின் குறிப்பு இணைப்பு 5.

“மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டது பற்றி: மார்ச் 3 முதல் நவம்பர் 2 வரை 245 நாள், எட்டு முறை வாங்கிய 240 மாத்திரை. ஃபார்மசியின் பதிவு இணைப்பு 6. விட்டுப்போன ஐந்து நாள் ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 4 வரை, ஃபார்மசியில் சரக்கு இல்லாததால். 31 சதவீதம் என்ற முதல் அறிக்கை அதற்கு இரண்டு மாதம் முந்தையது, எனவே அந்த ஐந்து நாள் தோல்விக்குக் காரணமாக இருக்க முடியாது.

“லுகீமியா குறைந்தபட்சக் கட்டாயப் பலன்களுக்குள் வருவதால் விதி 8-இன்படி முழுச் செலவுக்கும் அனுமதி கேட்கிறேன். இதே மருந்தின் பொதுப்பெயர் மாத்திரை உங்களிடம் இருந்தால் அதை ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் மருத்துவ ஆலோசகர் டாக்டரோடு நேரடியாகப் பேச விரும்பினால் செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை அவர் கிடைப்பார். பத்து வேலை நாளுக்குள் எழுத்துப்பூர்வமான முடிவு வராவிட்டால் சட்டத்தின் 47-ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலில் முறையிடுவேன்.”

இந்தக் கடிதத்தில் எடுத்த முடிவுகளில் இரண்டை விளக்க வேண்டும்.

முதலாவது, பட்டியலை எதிர்க்காதது. ‘டசாடினிப்பைப் பட்டியலில் சேர்க்காதது அநியாயம்’ என்று எழுதியிருந்தால் அந்த வாதத்தில் ஸ்கீம்தான் வென்றிருக்கும். கட்டாயப் பலன்கள் என்பவை எந்தத் திட்டமானாலும் ஸ்கீம் தந்தே ஆக வேண்டிய சிகிச்சைகள். அவற்றின் விளக்கக் குறிப்பு, ‘மருத்துவ மேலாண்மை’ என்று பொதுவாகச் சொல்லியிருக்கும் இடங்களில் அரசு மருத்துவமனைகளில் பரவலாக உள்ள நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. ஸ்கீம் அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சு அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கிறது என்ற பக்கம் போய்விடும், மாதக்கணக்கில் இழுக்கும். 15I-இன் கேள்வி அதைவிடச் சின்னது. பட்டியல் மருந்து இந்த ஒரு நோயாளிக்குப் பலனளித்ததா இல்லையா? அதற்கு விடை லேப் அறிக்கையில் ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது, கவுன்சிலுக்கு உடனே போகாதது. கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்தான் எல்லா ஸ்கீம்களையும் கண்காணிக்கும் அமைப்பு. அங்கே முறையிடக் கட்டணமில்லை. ஆனால் 47-ஆம் பிரிவின்படி பதில் எழுத ஸ்கீமுக்கு 30 நாள் உண்டு. அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. ஸ்கீமின் உள் மேல்முறையீட்டில் நல்ல காகிதத்தோடு போனால் அதற்கு முன்பே முடிய வாய்ப்பிருந்தது. எனவே கவுன்சிலுக்கான மனுவை அதே இணைப்புகளோடு தயாராக வைத்துக்கொண்டு, கடைசி வரியில் தேதியை மட்டும் குறிப்பிட்டார்கள். ஸ்கீம் உள் மேல்முறையீட்டுக்குப் பதிலே சொல்லாத பழக்கமுள்ளது என்று தெரிந்திருந்தால், அல்லது நோய் வேகமாக முற்றும் நிலையில் இருந்திருந்தால், இரண்டையும் ஒரே நாளில் அனுப்பியிருக்க வேண்டும்.

டாக்டரின் கடிதம் வருவதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. மகன், “டாக்டர், நல்லா ஸ்ட்ராங்கா ஒரு லெட்டர் கொடுங்க” என்று கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால் வருவது ‘இந்த மருந்து நோயாளிக்கு மிக அவசியம்’ என்ற பொதுக் கடிதம். பிறகு ஸ்கீமின் மூன்று காரணங்களையும் அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இடம் விட்டுக் கொடுத்ததும் டாக்டர் மறுநாளே பத்து வரியில் எழுதித் தந்தார்.

பதிலும் இருபது சதவீதமும்

டிசம்பர் 3-ஆம் தேதி ஸ்கீமின் மருத்துவ ஆலோசகர் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சு சில நிமிடத்தில் முடிந்தது, பெரும்பாலும் மரபணு மாற்ற அறிக்கையைப் பற்றித்தான் கேட்டார். 5-ஆம் தேதி அனுமதி வந்தது. ஆறு மாதத்துக்கு, மூன்றாம் மாத ரத்த அறிக்கையை அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கூடவே இன்னொரு வரியும் இருந்தது. பட்டியலில் இல்லாத மருந்து என்பதால் 20 சதவீதத்தை உறுப்பினர் கட்ட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அனுமதி கிடைத்ததே போதும் என்றிருந்தது. அப்பா கட்டிவிடலாம் என்றார். ஆனால் இந்த மாத்திரை ஒரு மாதத்தோடு முடிவதல்ல, ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியது. ஓய்வூதியத்திலிருந்து மாதா மாதம் அதைக் கட்ட முடியாமல் ஒரு நாள் மாத்திரை நிற்கும்.

உறுப்பினரிடம் பங்குத்தொகை கேட்க விதி 8 ஒரு வழி வைத்திருக்கிறது. பட்டியலில் பலன்தரும் மருந்து இருந்தும் அதைத் தெரிந்தே வேண்டாமென்று வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் கேட்கலாம். இங்கே யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, பட்டியல் மருந்துதான் தோற்றது. அந்த நிலையில் மாற்று மருந்தை உறுப்பினருக்குத் தண்டனை இல்லாமல் தரவேண்டும் என்று 15I சொல்கிறது. இதைச் சொல்லி டிசம்பர் 8-ஆம் தேதி ஆறு வரிக் கடிதம் ஒன்று போனது. ‘பலனளிக்கவில்லை என்பதை ஏற்றுத்தான் அனுமதி தந்திருக்கிறீர்கள், எனவே இது உறுப்பினரின் தேர்வு அல்ல’ என்பதுதான் அதன் நடு வாக்கியம். 15-ஆம் தேதி பங்குத்தொகை நீக்கப்பட்டது. 17-ஆம் தேதி டசாடினிப் தொடங்கினார். விண்ணப்பத்திலிருந்து அதுவரை ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் டாக்டர் சொன்னபடி இமாடினிப்பையே தொடர்ந்தார்.

அதன் பிறகு

மார்ச்சில் எடுத்த பரிசோதனையில் 1.8 சதவீதம். அறிக்கை வந்த அன்றே அதை ஸ்கீமுக்கு அனுப்பி, வந்துசேர்ந்தது என்ற பதிலையும் வாங்கி வைத்தார்கள்.

மே மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் தெரிந்தது. டசாடினிப்பில் இது தெரிந்த பக்கவிளைவு, முதல் சில மாதங்களில் மட்டுமல்ல, எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, நீர் வற்றியதும் 70 மில்லிகிராமில் மறுபடி தொடங்கினார் டாக்டர். மருந்துச் சீட்டோடு ஃபார்மசிக்குப் போனால் கணினி மறுத்துவிட்டது.

மருந்து அதேதான், அளவும் குறைந்திருக்கிறது, விலக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அப்படியிருந்தும் மறுப்பு. ஏனென்றால் அனுமதி மருந்தின் பெயருக்குத் தரப்படுவதில்லை, நாப்பி குறியீட்டுக்குத் தரப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்கும் ஒரு நாப்பி எண் உண்டு. 100 மில்லிகிராம் பெட்டிக்கு ஒன்று, 70-க்கு வேறொன்று. கணினிக்கு அது புதிய மருந்து. டாக்டரின் அலுவலகம் புதிய எண்ணைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சலுக்கு நான்கு நாளில் பதில் வந்தது, மேல்முறையீடு எதுவும் தேவைப்படவில்லை. அந்த நான்கு நாளும் அப்பா மாத்திரையின்றி இருந்தார்.

ஜூன் பரிசோதனையில் 0.6 சதவீதம். அனுமதி மேலும் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

இன்னொரு முறை என்றால்

ஜூனில் 31 சதவீதம் வந்த அன்றே தயாரிப்பைத் தொடங்கியிருக்கலாம். அன்று மருந்தை மாற்ற முடியாது, ஒற்றை அறிக்கையை வைத்து யாரும் மாற்றுவதும் இல்லை. ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இவருக்கு அது செப்டம்பரில்தான் எடுக்கப்பட்டது. ஜூலையிலேயே எடுத்திருந்தால் மரபணு மாற்றம் இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கக்கூடும்.

முதல் விண்ணப்பத்தோடு மரபணு மாற்ற அறிக்கை போயிருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறோம். டாக்டரின் அலுவலகத்தில் படிவம் நிரப்புபவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, அவருக்கு எந்தக் கோப்பில் எது இருக்கிறதென்று தெரியாது. அனுப்புமுன் இணைப்புகளின் நகலைத் தங்களுக்கும் தரச் சொல்லிக் குடும்பத்தினர் கேட்கலாம், அதில் யாருக்கும் வருத்தமில்லை.

அனுமதிக் கடிதத்தை நோய் உறுதியான வாரமே கையெழுத்திட்டு ஸ்கீமில் பதிவு செய்திருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். மாத்திரை வாங்கிய தேதிகளை ஃபார்மசியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்செடுத்து வைப்பதும் அப்படித்தான். இவருடைய ஃபார்மசி ஊழியர் ஆகஸ்டில் நடந்ததை நினைவில் வைத்திருந்தார். வேறொருவர் இருந்திருந்தால் அந்த ஐந்து நாளுக்கு விளக்கம் கிடைத்திருக்காது.

அளவைக் குறைக்க நேரிடலாம் என்று தொடக்கத்திலேயே தெரிந்த மருந்து இது. எனவே முதல் அனுமதியைக் கேட்கும்போதே 100-க்கும் 70-க்கும் உரிய இரண்டு நாப்பி எண்களையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். இப்போது இதே மாத்திரைக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களின் விண்ணப்பத்தில் இரண்டு எண்களையும் எழுதித்தான் அனுப்பச் சொல்கிறோம்.